நீளமான அம்பும் நீளமான அலையும்

பிளஸ் டூ இயற்பியலிலும் நுழைவுத் தேர்வுகளிலும் அடிக்கடி வரும் படம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கிடைக்கோடுகள். அவைதான் ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்கள். அடியிலிருக்கும் கோட்டின் பக்கத்தில் 1, உச்சியில் 5. நடுவே சில அம்புகள்: A அம்பு 2-லிருந்து 1-க்கு இறங்குகிறது, B 3-லிருந்து 2-க்கு, C 5-லிருந்து 3-க்கு, D 4-லிருந்து 2-க்கு. E மட்டும் 3-லிருந்து 4-க்கு மேலே ஏறுகிறது. கீழே ஒரு வரிக் கேள்வி: மிக நீண்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழ்வது எது?

அவசரத்தில் பலரும் படத்தில் நீளமாகத் தெரியும் அம்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அலைநீளம் கூடினால் ஆற்றல் குறையும் என்பதை நினைவில் வைத்திருக்கும் மாணவர் அப்படிச் செய்ய மாட்டார். குட்டையான அம்பைத் தேடுவார். ஆனால் அவரும் இங்கே தடுமாறக்கூடும். A, B இரண்டும் ஒரே ஒரு மட்டம் இறங்குகின்றன, C இரண்டு மட்டம் இறங்குகிறது. அதனால் C-யை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, A, B இரண்டில் ஒன்றைக் குறித்துவிடுவார். சரியான விடை C.

இந்தக் குழப்பத்துக்குப் படமே பாதிக் காரணம். பக்கத்தில் இடம் போதாது என்பதால் பல படங்களில் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்துவிடுகிறார்கள். உண்மையான இடைவெளிகள் அப்படி இல்லை. ஹைட்ரஜனின் n-ஆம் மட்டத்தின் ஆற்றல் −13.6/n² எலக்ட்ரான் வோல்ட். இதன்படி முதல் மட்டம் −13.6, இரண்டாவது −3.40, மூன்றாவது −1.51, நான்காவது −0.85, ஐந்தாவது −0.54. எலக்ட்ரான் அணுவோடு கட்டுண்டு இருப்பதால்தான் கழித்தல் குறி. சுழியை எட்டிவிட்டால் அது அணுவை விட்டே வெளியேறிவிடும்.

ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அளவுகோலோடு ஒரு தாளில் வரைந்து பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 10.2 சென்டிமீட்டர் வெற்றிடம். அடுத்த கோடு அதிலிருந்து 1.9 சென்டிமீட்டர் மேலே. நான்காவதற்கு இன்னும் 6.6 மில்லிமீட்டர், ஐந்தாவதற்கு 3 மில்லிமீட்டர். ஆறு, ஏழு, எட்டு என்று முடிவே இல்லாமல் போகும் மற்ற மட்டங்கள் எல்லாம் ஐந்தாவது கோட்டுக்கு மேலே எஞ்சியிருக்கும் ஐந்தரை மில்லிமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆகவே எத்தனை மட்டம் தாண்டியது என்று எண்ணுவதில் பயனில்லை. எந்த உயரத்தில் தாண்டியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி கணக்கு. எலக்ட்ரான் மேல்மட்டத்திலிருந்து கீழே விழும்போது இரண்டு மட்டங்களுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் முழுவதும் ஒரே ஃபோட்டானாக வெளியேறுகிறது. அந்த வித்தியாசத்தால் 1240-ஐ வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி, இந்த அலகுகளுக்கு மாற்றினால் வருவதுதான் அந்த 1240. A அம்புக்கு வித்தியாசம் 10.2, அலைநீளம் சுமார் 122 நானோமீட்டர், அதாவது புற ஊதாக்கதிர். B-க்கு 1.89, 656 நானோமீட்டர், நல்ல சிவப்பு. D-க்கு 2.55; 486 நானோமீட்டர், நீலப்பச்சை. C-க்கு வெறும் 0.97, சுமார் 1280 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. B-யைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

E என்ன ஆயிற்று? அதன் இடைவெளி 0.66 எலக்ட்ரான் வோல்ட்தான். ஐந்து அம்புகளிலும் இதுவே மிகச் சிறியது. ஆனால் அது மேல்நோக்கிய அம்பு. அங்கே எலக்ட்ரான் ஒளியை உட்கவர்கிறது, உமிழ்வதில்லை. கேள்வியில் ‘உமிழும்’ என்ற சொல் இருப்பதால் E போட்டியிலேயே இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘தொடர்புடைய’ என்று போட்டால் விடை E ஆகிவிடும். ‘கண்ணுக்குத் தெரியும் ஒளியில்’ என்று கேட்டால் B. படம் ஒன்றுதான், கேள்வியின் ஒரு சொல்லுக்கு ஒரு விடை. அம்பின் முனையைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

தேர்வறையில் தசமங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் பின்னங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். கீழ்மட்டத்தின் 1/n²-லிருந்து மேல்மட்டத்தின் 1/n²-ஐக் கழிக்க வேண்டும். B-க்கு 1/4 − 1/9 = 5/36; C-க்கு 1/9 − 1/25 = 16/225. முதலாவது சுமார் 0.14, இரண்டாவது 0.07. பின்னம் சிறியதாக இருந்தால் அலைநீளம் பெரியது. அந்தப் பின்னத்தைத் தலைகீழாக்கி 91.2-ஆல் பெருக்கினால் அலைநீளமே வந்துவிடும்: 91.2 × 225/16 = 1282 நானோமீட்டர்.

இந்தப் பின்னங்களுக்கு அணு மாதிரியைவிட வயது அதிகம் என்பது வியப்பான செய்தி. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த யோஹான் பாமர், ஹைட்ரஜன் ஒளியில் தெரிந்த நான்கு கோடுகளுக்கு ஆங்ஸ்ட்ராம் அளந்து வைத்திருந்த அலைநீளங்களை எடுத்துக்கொண்டு, அவை நான்கும் ஒரே எண்ணின் 9/5, 16/12, 25/21, 36/32 மடங்குகள் என்று 1885-இல் காட்டினார். அந்த எண் 364.56 நானோமீட்டர். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1908-இல் பாஷன் அகச்சிவப்பில், மூன்றாவது மட்டத்தில் வந்து முடியும் கோடுகளைக் கண்டார். நம் C அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மட்டங்களுக்கு இடையிலான தாவல்கள்தான் இவை என்ற விளக்கத்தை 1913-இல் போர் தந்தார். B அம்பின் சிவப்புக் கோட்டுக்கு வானியலாளர்கள் வைத்த பெயர் ஹைட்ரஜன் ஆல்ஃபா. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அந்த ஒளியில் சூரியனைப் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

அம்பு எந்த மட்டத்தில் வந்து முடிகிறது என்று பார்ப்பது நல்ல குறுக்குவழி. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், இரண்டாவது மட்டத்தில் வந்து நிற்கும் எலக்ட்ரான் 3.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. முதல் மட்டத்துக்கு விழுந்தாலோ 10.2-க்குக் குறைய வழியில்லை. ஆகவே 2-இல் முடியும் எந்த அம்பும் 1-இல் முடியும் எந்த அம்பையும்விட நீண்ட அலைநீளம் தரும். மூன்றாவது மட்டத்தில் முடிபவற்றின் உச்ச ஆற்றல் 1.51, இரண்டாவதில் முடிபவற்றின் குறைந்த ஆற்றல் 1.89. அங்கேயும் விதி பிழைக்காது.

நான்காவது மட்டத்துக்கு வந்ததும் இந்தக் குறுக்குவழி உடைந்துபோகிறது. 4-லிருந்து 3-க்கு விழும்போது அலைநீளம் 1875 நானோமீட்டர். 9-லிருந்து 4-க்கு விழும்போது 1817 நானோமீட்டர்தான். உயரமான மட்டத்தில் முடிந்தும் இரண்டாவது அம்பு தோற்றுவிடுகிறது. வினாத்தாளில் இப்படி ஓர் இணை வந்தால் பின்னத்தைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை: 7/144-க்கு எதிரே 65/1296.