ஏழு கீற்றுகளும் எண்ணில் சேராத ஆறு நிலைகளும்

மளிகைக் கடைத் தராசு, லிஃப்ட், வங்கியின் டோக்கன் பலகை என்று எங்கே பார்த்தாலும் எண்கள் ஒரே சாயலில்தான் ஒளிர்கின்றன. 8 வடிவில் அடுக்கிய ஏழு ஒளிக்கீற்றுகளில் சில எரிய, சில அணைய, ஓர் இலக்கம் உருவாகிறது. கீற்றுகளுக்குப் பெயர் உண்டு. உச்சியில் இருப்பது a. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் b, c, d, e, f. நடுவில் குறுக்காகக் கிடப்பது g.

சர்க்யூட்டுக்குள் இலக்கம் இந்த வடிவில் இருப்பதில்லை. A, B, C, D என்ற நான்கு கம்பிகளில் 8, 4, 2, 1 என்ற மதிப்புகளாக வருகிறது. 5 என்றால் B-யிலும் D-யிலும் மின்னழுத்தம் இருக்கும், அதாவது 0101. இதற்குப் பெயர் பிசிடி. இந்த நான்கு கம்பிகளைப் பார்த்து ஏழு கீற்றுகளில் எவை எரிய வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் டீகோடரின் வேலை. கேட்க ஒரே சர்க்யூட் போலத் தோன்றினாலும், வடிவமைப்பவருக்கு அது தனித்தனியான ஏழு கேள்விகள்.

எளிதான கேள்வியிலிருந்து தொடங்கலாம். வலது கீழே இருக்கும் c, 2-ஐத் தவிர மற்ற எல்லா இலக்கங்களிலும் எரிகிறது. எரியும் ஒன்பது இடங்களைப் பட்டியலிடுவதைவிட, அணையும் ஒரே இடத்தைப் பிடிப்பது மேல். 2 என்பது 0010. B இல்லை, C உண்டு, D இல்லை. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் c எரியட்டும் என்று சொன்னால் வேலை முடிந்தது: `c = B + C' + D`. இங்கே கூட்டல் குறிக்கு ‘அல்லது’ என்று பொருள். மேற்கோள் குறி ‘இல்லை’ என்பதைக் காட்டுகிறது. எழுத்துகள் ஒட்டி வந்தால் ‘இரண்டும் சேர்ந்து’.

இடது கீழே இருக்கும் e இதைவிடச் சுவையானது. அது 0, 2, 6, 8 ஆகிய நான்கில் மட்டுமே எரிகிறது. இப்படிப்பட்டதைச் சுருக்குவதற்கு, பெல் ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் கார்னாக் 1953-இல் வெளியிட்ட கட்ட முறையைத்தான் இன்றும் கல்லூரிகளில் ‘கே-மேப்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நான்கு கம்பிகளுக்குப் பதினாறு கட்டங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கிடையே ஒரே ஒரு கம்பிதான் மாறும்படி அடுக்கியிருப்பார்கள். அதனால்தான் தலைப்பு வரிசை 00, 01, 11, 10 என்று போகிறது.

```
         CD
AB    00  01  11  10
00     1   0   0   1
01     0   0   0   1
11     X   X   X   X
10     1   0   X   X
```

X என்று இருக்கும் ஆறு கட்டங்கள்தான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி. நான்கு கம்பிகளால் 15 வரை சொல்ல முடியும். பிசிடி 9-உடன் நின்றுவிடுகிறது. 10 முதல் 15 வரை வரவே போவதில்லை என்றால், அங்கே கீற்று எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? ‘டோன்ட் கேர்’ என்று பெயர் வைத்து, அந்தக் கட்டங்களை நம் வசதிக்கு 1 ஆகவோ 0 ஆகவோ எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சலுகை இல்லாவிட்டால் e-க்கான கோவை `B'C'D' + A'CD'`. சலுகையைப் பயன்படுத்தினால் வலதுகோடி நெடுவரிசையின் நான்கு கட்டங்களும் ஒரே குழுவாகி `CD'` கிடைக்கிறது. கட்டத்தின் விளிம்புகள் ஒன்றோடொன்று தொடுவதாகக் கொள்வதால் நான்கு மூலைகளும் இன்னொரு குழு, அது `B'D'`. ஆக `e = B'D' + CD'`. A கம்பியே தேவையில்லாமல் போய்விட்டது! யோசித்தால் காரணம் புரியும்: 4-ஐத் தவிர்த்த எல்லா இரட்டைப்படை இலக்கங்களிலும் e எரிகிறது. இரட்டைப்படையா என்பதை D சொல்லிவிடும். 4-ஐ விலக்க B-யும் C-யும் போதும்.

மற்றவையும் இதே வழியில் வருகின்றன.

```
a = A + C + BD + B'D'
b = B' + C'D' + CD
c = B + C' + D
d = A + B'D' + CD' + B'C + BC'D
e = B'D' + CD'
f = A + C'D' + BC' + BD'
g = A + BC' + B'C + CD'
```

`B'D'` மூன்று இடங்களில் வருகிறது, `CD'`-உம் அப்படியே. ஒரு தடவை கேட் வைத்து, அதன் வெளியீட்டைப் பிரித்துக் கொடுத்தால் போதும். அப்படிப் பகிர்ந்துகொண்டால் ஏழு கீற்றுகளுக்கும் சேர்த்து ஒன்பதே ‘அண்ட்’ கேட்டுகளில் காரியம் முடிகிறது. எண்ணின் அழகுக்கும் இங்கே விலை உண்டு. 6-இன் தலையில் a கீற்று எரிய வேண்டாம் என்று முடிவெடுத்தால், a-யின் கோவையில் `C` இருக்கும் இடத்தில் `CD` வந்தாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் 7447, 4511 சிப்புகள் 6-ஐத் தலைக் கீற்று இல்லாமல்தான் காட்டுகின்றன.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த ஏழு கோவைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அது போதாது. வரவே வராது என்று நாம் ஒதுக்கிய ஆறு நிலைகள் வந்துவிட்டால் என்ன ஆகும்?

10 வரை எண்ணும் 7490 கவுன்டரை மாட்ட வேண்டிய இடத்தில், 16 வரை எண்ணும் 7493-ஐ மாட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். திரையில் 0 முதல் 9 வரை ஒழுங்காக வரும். அடுத்து 10, அதாவது 1010. கோவைகளில் போட்டுப் பார்த்தால் c மட்டும் அணைந்து, மற்ற ஆறும் எரிகின்றன. இது எந்த இலக்கமும் இல்லை, பார்த்தவுடன் தவறு தெரிந்துவிடும். 11-இல் e மட்டும் அணைகிறது, அதாவது அசல் 9. 12-க்கும் 9. 13-இல் b, e இரண்டும் அணைந்து 5 வருகிறது. 14-க்கு 6. 15-க்கு மறுபடி 9. ஆறு தவறான நிலைகளில் ஐந்து, கொஞ்சமும் சந்தேகம் வராத இலக்கங்களாக வேடம் போட்டுக்கொண்டு வருகின்றன. கவுன்டர் வேகமாக ஓடினால் நடுவில் வரும் அந்த ஒரு கோணல் உருவமும் கண்ணில் படாது. சர்க்யூட்டைச் சுருக்கியதற்கு நாம் கொடுத்த விலை இதுதான்: கேட்டுகள் குறைந்தன, அவற்றோடு தவறைக் காட்டிக்கொடுக்கும் திறனும் போய்விட்டது.

லிஃப்டில் இதனால் பெரிய நட்டமில்லை. தராசிலோ மருத்துவக் கருவியிலோ பொய்யான 9 வருவதைவிட, திரை இருண்டு போவதே மேல். 4511 சிப் அப்படித்தான் செய்கிறது. 9-க்கு மேல் எது வந்தாலும் எல்லாக் கீற்றுகளையும் அணைத்துவிடுகிறது. 7447 சிப் 10 முதல் 14 வரை எண்ணோடு குழம்பாத விநோதக் குறிகளைக் காட்டி, 15-இல் இருண்டுவிடுகிறது.

நாமே கட்டும் டீகோடரிலும் இந்தக் காவலைச் சேர்ப்பது கடினமில்லை. 9-க்கு மேற்பட்ட நிலைகளில் A எப்போதும் 1. அதோடு B அல்லது C-யும் 1. ஆகவே `A(B + C)` என்ற ஒரே கோவை ஆறையும் பிடித்துவிடுகிறது. அதை ஒரு சிவப்பு எல்.இ.டி.க்குக் கொடுத்தால், தவறான எண் வரும்போதெல்லாம் அது எரியும். அதன் தலைகீழை ஏழு வெளியீடுகளோடும் ‘அண்ட்’ செய்தால் திரையே அணைந்துவிடும். கூடுதலாகச் சில கேட்டுகள் ஆகும், அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் இதைக் கட்டும் மாணவர்கள் 0 முதல் 9 வரை சரியாக வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மீதி ஆறு நிலைகளையும் சுவிட்சில் போட்டு, திரையில் வருவதை நோட்டில் குறித்துக்கொண்டு, அதன்பிறகு கம்பிகளைக் கழற்றுங்கள்.