சரிந்தது எண்ணா, எழுத்தா?

2025 செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் இணையதளம் நடத்துகிற பலருக்குத் தூக்கம் போனது. கூகுளின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் கோடு திடீரெனச் சரிந்து கிடந்தது. தேடல் முடிவுகளில் ஒரு பக்கத்தின் இணைப்பு எத்தனை முறை இடம்பெற்றது என்பதே இம்ப்ரெஷன். யாராவது அதைப் படித்தார்களா என்பது வேறு கணக்கு.

அதுவரை, தேடல் முகவரியின் முடிவில் `&num=100` என்று சேர்த்தால், பத்துக்குப் பதில் நூறு முடிவுகள் ஒரே பக்கத்தில் வரும். தளங்களின் தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் இந்த வழியைத்தான் பிடித்திருந்தன. அவை ஒருமுறை தேடினாலே 85ஆவது இடத்தில் கிடக்கும் கட்டுரைக்கும் ஓர் இம்ப்ரெஷன் ஏறிவிடும். மனிதர்கள் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். அந்த வசதி நின்றதும் இயந்திரங்கள் ஏற்றிவிட்ட எண்ணிக்கையும் வடிந்துவிட்டது என்பதுதான் துறையினரின் விளக்கம். அந்தக் குறியீட்டுக்கு முறையான ஆதரவு கிடையாது என்றதோடு கூகுள் நிறுத்திக்கொண்டது.

இப்படிப்பட்ட சரிவில் முதலில் பார்க்க வேண்டியது கிளிக். சமையல் தளம் ஒன்றில் டெஸ்க்டாப் இம்ப்ரெஷன் 40,000இலிருந்து 14,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளிக் முன்போலவே இருந்தால் வாசகர் யாரும் போய்விடவில்லை.

அடுத்து, கருவி வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப் வழியாகத் தேடியவை. அதனால் டெஸ்க்டாப் விழுந்து மொபைல் அசையாமல் நின்றால், சந்தேகம் எழுத்தின் மேல் விழ வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைதான் சுவையானது. நம் தளத்தில் காணாமல் போன 26,000 இம்ப்ரெஷன்களின் சராசரி இடம் 70. மிச்சமுள்ள 14,000இன் சராசரி 9. இரண்டும் சேர்ந்திருந்தபோது தளத்தின் சராசரி இடம் ஏறக்குறைய 49. இப்போது 9. ஒரு வரிகூட மாற்றாமல் தளம் 'முன்னேறியிருக்கிறது'! இம்ப்ரெஷன் குறையும்போது சராசரி இடம் இப்படித் தாவினால், கணக்கிடும் முறை மாறிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உண்மையான கோளாறின் முகம் வேறு. கிளிக்கும் சேர்ந்து விழும், மொபைலும் தப்பாது, சராசரி இடம் 6இலிருந்து 15, 20 என்று பின்னுக்குப் போகும். பாதிப்பு பல சமயம் தளம் முழுக்கப் பரவாமல் சில பக்கங்களிலோ ஒரே தலைப்பிலோ குவிந்திருக்கும். அப்போது அந்தப் பக்கங்கள் கூகுளின் பட்டியலில் இன்னும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு எழுத்தைத் திருத்த உட்காரலாம். பொங்கல் முடிந்தபின் சர்க்கரைப் பொங்கல் செய்முறையைத் தேடுவோர் குறைவது இதில் சேராது. சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 2025 செப்டம்பருக்கு முந்தைய டெஸ்க்டாப் இம்ப்ரெஷனைப் பிந்தையதோடு நேருக்கு நேர் வைக்காதீர்கள். கிளிக்கை வைத்து ஒப்பிடுங்கள்.