ஒரே அறைக்கு இரண்டு முகவரிகள்

நான்கே அறைகள் கொண்ட ஒரு குட்டி கேஷ். அறைக்கு 4 பைட். நினைவக முகவரி 6 பிட். நேரடிப் பொருத்த முறையில் முகவரி 16, அதாவது 010000, இப்படி உடையும்: 01 | 00 | 00. கடைசி இரண்டு பிட் அறைக்குள் எந்த பைட் என்று சொல்லும்; நடு இரண்டும் அறை எண்; முதல் இரண்டும் அடையாளச் சீட்டு. முகவரி 0 உடைவது 00 | 00 | 00. சீட்டுதான் வேறு, அறை ஒன்றே. நிரல் 0, 16, 0, 16 என்று மாறிமாறிக் கேட்டால் ஒன்று மற்றதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மற்ற மூன்று அறைகள் காலியாக இருந்தும் ஒவ்வொரு தேடலும் தோல்வி!

அதே நான்கு அறைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு தொகுதிகளாக்குவோம். தொகுதியைச் சுட்ட ஒரு பிட் போதும். சீட்டு மூன்று பிட்டாகிறது: 000 | 0 | 00, 010 | 0 | 00. இரண்டும் தொகுதி 0-இல் அருகருகே தங்கும். முதல் இரு தேடல்கள் மட்டுமே தோற்கும்.

இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு தேடலிலும் இரண்டு சீட்டுகளை ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும். யாரை வெளியேற்றுவது என்றும் முடிவு செய்ய வேண்டும். நீண்ட நாள் தொடாததை வெளியேற்றும் விதியில், முகவரி 32-உம் சேர்ந்து 0, 16, 32 என்று சுழன்றால் மறுபடி எல்லாமே தோல்விதான்.