ஜீ.ஏ.யிடம் கால் மணி நேரம்

வடகீழ்ப் பருவமழை பிடித்து, உன்னிச்சைக் குளம் வான்பாயத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் ஏறிவிடும். கோடையில் கடல் தள்ளிய மணல் முகத்துவாரத்தை அடைத்திருக்கும். வயலுக்குள் தண்ணீர் நிற்கும் படுவான்கரை விவசாயி "வெட்டுங்க" என்பார். வாவியில் வலை போடுகிறவரோ "இப்ப வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும்" என்பார். நீர்ப்பாசனம், மீன்பிடி, கமநல அபிவிருத்தி என்று பல திணைக்களங்கள் கருத்துச் சொன்னாலும், பெக்கோவை மணல்திட்டுக்கு அனுப்பும் முடிவு கடைசியில் வந்து நிற்பது அரசாங்க அதிபரின் மேசையில்தான்.

அந்த மேசைக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார ஒரு வாவி மீனவர் சங்கம் விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் கடிதம் நமக்குத் தெரியும். "எமது மீனவர்கள் எதிர்நோக்கும் பல்வேறு பிரச்சினைகள் தொடர்பாகத் தங்களுடன் கலந்துரையாட, தங்களுக்கு வசதியான ஒரு நேரத்தை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பவர் ஜீ.ஏ. அல்ல, அவருடைய நாட்குறிப்பை வைத்திருக்கும் உத்தியோகத்தர். "வசதியான நேரம்" என்பது அவருக்கு ஒரு வேலை: நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும், எவ்வளவு நேரம் தேவைப்படும், எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகிக்க வேண்டும். "பல்வேறு பிரச்சினைகள்" என்பதைப் பார்த்ததும் அவர் செய்யக்கூடிய எளிய காரியம், கடிதத்தை மீன்பிடித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவது. "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு அதன் பிரதி உங்களுக்கு வந்தால், சந்திப்பு கைநழுவிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே எழுத உட்காருமுன் ஜீ.ஏ.யால் மட்டுமே முடிகிற காரியம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வலைக்கு நட்டஈடு, இறங்குதுறைக்குப் போகும் வீதி, களவாக நடக்கும் தங்கூசி வலை மீன்பிடி எல்லாம் உண்மையான குறைகள்தாம். ஆனால் அவற்றுக்கு வேறு கதவுகள் உண்டு. சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி ஒவ்வொன்றாக வெட்டுவதுதான் கடினமான பகுதி. எல்லாரும் தங்கள் குறையையும் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள், சேர்த்தால் கடிதம் பழைய மனுவாகிவிடும்.

மிஞ்சுவது இப்படி இருக்கலாம்:

"முகத்துவாரம் வெட்டுவது தொடர்பாக 15 நிமிடச் சந்திப்பு. பேச விரும்புவன இரண்டு. ஒன்று, அந்த முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு வாவி மீனவர் சார்பில் ஒருவரை அழைப்பது. இரண்டு, வெட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பாகச் சங்கங்களுக்கு அறிவிப்பது; முகத்துவாரத்துக்கு அருகே கிடக்கும் வலைகளை எடுத்துக்கொள்ள அந்த அவகாசம் போதும். ஒக்டோபர் இரண்டாம் வாரம் செவ்வாய் காலை 8.45, புதன் பிற்பகல் 3.30, வியாழன் காலை 8.45 ஆகிய மூன்றில் எதுவானாலும் வருவோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூவர் மட்டும். தங்களுக்கு இயலாவிட்டால் மேலதிக அரசாங்க அதிபரைச் சந்திக்கவும் ஆயத்தம்."

நேரங்களைத் தற்செயலாகப் பொறுக்கவில்லை. அலுவலகம் 8.30க்குத் திறக்கிறது, அன்றைய கூட்டங்கள் சூடுபிடிக்குமுன் உள்ள கால் மணி நேரம் கேட்கத் தக்கது. பொதுமக்கள் தினத்தை விட்டுவிட வேண்டும், அன்று வரிசை நீளம். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம், பௌர்ணமி விடுமுறை. கலண்டரைப் பார்க்காமல் போயா தினத்தை எழுதிக் கொடுக்கும் சங்கத்தை யாரும் கவனமான சங்கம் என்று நினைக்கமாட்டார்கள். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வருகிறவர்களால் 8.45க்கு வந்து சேர முடியுமா என்பதையும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுத்த மூன்று நேரத்தையும் சந்திப்பு உறுதியாகும்வரை வேறெதற்கும் கொடுக்கக்கூடாது.

மாதமும் முக்கியம். நவம்பரில் வெள்ளம் ஏறிய பிறகு கேட்டால், ஜீ.ஏ. அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களிலேயே இருப்பார். அப்போது அவர் காதில் விழுவது வயலில் நிற்கும் தண்ணீர் மட்டும்தான். ஒக்டோபரில் இது நிர்வாக ஒழுங்கு பற்றிய பேச்சு. நவம்பரில் இரு தரப்புச் சண்டை.

பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். தம்மைத் தாண்டிப் போனார்கள் என்ற மனத்தாங்கல் இங்கே பல நல்ல கடிதங்களைக் கிடப்பில் போட்டிருக்கிறது.

ஒரு கிழமையாகப் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழைக்கலாம். "எங்கட கடிதம் என்னாச்சு?" என்று கேட்டால் "பார்த்துச் சொல்றம்" என்பதே பதில். "செவ்வாய், புதன், வியாழன் எண்டு மூன்று நேரம் தந்திருந்தம் மிஸ், அதில எது சரிவரும்?" என்று கேட்டால், அவர் நாட்குறிப்பைத் திறந்துதான் ஆகவேண்டும். மூன்றும் சரிவராது என்றாலும், நாலாவது ஒரு நேரத்தை அவரே சொல்ல வாய்ப்புண்டு.