ஐந்து பேரும் ஒரு கொப்பியும்

எமது ஊரில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. திகதியும் முறையும் மாறாமல் இருப்பதால்தான் சீட்டு ஒழுங்காக ஓடுகிறது. அதே ஒழுங்கில், காசுக்குப் பதிலாக வேலைத் தகவலையும் ஒளிவுமறைவற்ற கருத்தையும் பரிமாறிக்கொள்ள நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடங்களாகக் கூடி வருகிறோம்.

வயரிங் செய்பவர், அலுமினிய ஜன்னல் பொருத்துபவர், தளபாடக் கடைக்காரர், திரைச்சீலை தைப்பவர், வார இறுதியில் சாதாரண தரக் கணித வகுப்பு நடத்தும் நான். முதல் நால்வரும் யோசித்தே சேர்ந்தவர்கள். கட்டும் வீட்டுக்குள் சுவர் பூச முன்பே வயரிங்காரர் போய்விடுவார். பிறகு ஜன்னல், அதன் பிறகு தளபாடம், கடைசியில் திரைச்சீலை. வாடிக்கையாளர் ஒருவர்தான், தொழில்தான் வேறு. ஒரே தொழிலில் இருவர் இருந்திருந்தால் இருவருமே வாய் திறந்திருக்க மாட்டார்கள். கொப்பி எழுத ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இது புதிய யோசனையல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்ளின் 1727 இல் இப்படியொரு குழுவைத் தொடங்கினார். வெள்ளி மாலைகளில் கூடினார்கள். அவர் அச்சகம் தொடங்கியபோது, குவேக்கர் சமயத்தவரின் வரலாற்று நூலில் ஒரு பகுதியை அச்சிடும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் அக்குழுவின் அங்கத்தவர் ஒருவரே. ஆட்களைக் கூட்டலாம் என்று கேட்டபோது பிராங்ளின் உடன்படவில்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், விரும்பியவர் தனிக் குழு அமைக்கட்டும் என்றார்.

நாங்கள் ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமை இஷாவுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் கூடுகிறோம். முதல் அரை மணித்தியாலம் கொப்பிக்குரியது: யார் யாருக்கு என்ன தகவல் கொடுத்தார், போன முறை கொடுத்தது என்ன ஆனது. மீதி ஒரு மணித்தியாலமும் ஒருவருடைய பிரச்சினைக்கு மட்டும். ஆகவே பத்துக் கிழமைக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் முறை வரும்.

“இன்னாரின் நம்பர் இது” என்பதை நாங்கள் தகவலாக எழுதுவதில்லை. யாருக்கு, என்ன வேலை, எப்போது தேவை, பேசுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டாயிற்றா ஆகிய நான்கும் இருந்தால்தான் கொப்பியில் ஏறும்.

ஓர் உதாரணம். கட்டாரில் இருந்து விடுமுறையில் வந்தவரின் வீட்டு ஜன்னல் வேலையை வயரிங்காரர் கொப்பியில் எழுதினார். வேலை கிடைக்கவில்லை. “வேறு ஆள் விலை குறைத்திட்டான்” என்றார் அலுமினியக்காரர். வயரிங்காரர் வீட்டுக்காரரிடமே விசாரித்து வந்தார். அவருக்கு விலை போய்ச் சேர்ந்ததே ஒன்பதாம் நாள்தான். அதற்குள் வேறொருவருக்கு முற்பணம் கொடுத்துவிட்டார். அளவெடுத்த கொப்பி இரவு வரை வாகனத்திலேயே கிடப்பதும், மறுநாள் அடுத்த வேலை வந்துவிடுவதும்தான் காரணம் என்று அன்றைய பேச்சில் வெளிவந்தது. இப்போது அவர் அளவெடுத்து இரண்டு நாளுக்குள் விலையை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அடுத்து வந்த நான்கு தகவல்களில் இரண்டு வேலையாகின. கொடுத்த தகவலின் முடிவைக் கேட்டிராவிட்டால், விலைதான் குற்றம் என்று நம்பி விலையைக் குறைத்திருப்பார்.

கருத்துச் சொல்லும் முறையை ஆசிரியர் கலாசாலையில் இருந்து நான் கொண்டுவந்தேன். அங்கே ஒருவர் பயிற்சிப் பாடம் நடத்தும்போது நாங்கள் பின்வரிசையில் இருந்து, கண்டதை மட்டும் எழுதுவோம். “நன்றாக இல்லை” என்று எழுதினால் விரிவுரையாளர் திருப்பித் தருவார். “பத்து நிமிடம் கரும்பலகையைப் பார்த்தே பேசினீர்கள்” என்றால் ஏற்பார். கண்டதைச் சொன்னால் கேட்பவர் திருத்திக்கொள்ளலாம். தீர்ப்புச் சொன்னால் மனம்தான் நோகும்.

அது எனக்கே திரும்பி வந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் குறைவதைச் சொல்லி, புதிதாக வந்த வகுப்புகளைக் குறை கூறினேன். திரைச்சீலைக்காரர் சொன்னார்: “சேர், என்ட மகன் ரெண்டு கிழமை வகுப்புக்கு வரல்ல. எனக்கு மாசக் கடைசியிலதான் தெரியும்.” அன்றிரவு நித்திரை வரவில்லை. மறு வாரம் முதல் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே செய்தி அனுப்புகிறேன். விலகுவது குறைந்தது, போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

குழு கெடுவதைக் கொப்பியே காட்டும். ஒருவரின் பெயர் மூன்று மாதம் ‘பெற்றவர்’ பக்கத்தில் மட்டும் இருந்தால் அவரிடம் நேரே கேட்க வேண்டும். என்னைப் போன்றவர்களிடம் தகவல் குறைவாகவே இருக்கும். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. தரகுக் காசு வாங்குவதில்லை என்றும் முடிவெடுத்தோம். வாங்கினால் நல்ல வேலைக்காரரை விட்டுக் கூடத் தருபவரிடம் அனுப்பத் தோன்றும்.

ஒருவரை அனுப்பும்போது எமது பெயரும் கூடவே போகிறது. வேலை பிழைத்தால் வீட்டுக்காரர் முதலில் கோல் எடுப்பது அனுப்பியவருக்குத்தான். ஆகவே ஒருவரின் வேலையை நேரில் பார்க்காமல் அவர் பெயரைக் கொடுப்பதில்லை. நட்புக்காகக்கூட இதை நாங்கள் தளர்த்தியதில்லை.