பாராட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

திருமண ரவிக்கை தைக்கும் ஒருவர் தன்னைப் பற்றி அறிமுகக் குறிப்பு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அருமையான வேலை" என்ற வாடிக்கையாளர் வரியோடு தொடங்கினால், அவர் யாரென்றே புரியாது. அந்த வரி எந்தக் கடைக்கும் பொருந்தும்.

முதலில் அவருடைய வேலைமுறை வரட்டும்: "ஆரி வேலை தொடங்கும் முன், சாதாரணத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்." அதையடுத்து, "'முகூர்த்தத்தன்று தோளில் ஒரு ஊக்குகூடக் குத்தவில்லை' என்றார் ஒரு மணப்பெண்." இப்போது பாராட்டு அந்த முறைக்குச் சாட்சி சொல்கிறது. அடுத்த வரியிலேயே பேச்சு தையல்காரரிடம் திரும்பிவிட வேண்டும்: இப்போது என்னென்ன தைக்கிறார், துணியை எத்தனை நாள் முன்பு தர வேண்டும்.

நீண்ட பாராட்டைச் சுருக்கலாம். சொன்னவர் சொல்லாததைச் சேர்க்கவே கூடாது. சுருக்கியதை அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பிறகு அந்த மேற்கோளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். குறிப்பு தடுமாறினால், வேலைமுறையைச் சொல்லும் பகுதியை இன்னும் விரிவாக எழுத வேண்டும்.