ஆல்கோ நினைப்பதும் தரகரிடம் இருப்பதும்

பங்குச் சந்தையில் மனிதருக்குப் பதிலாகக் கணினி நிரலே வாங்கி விற்கும் முறை சிறு முதலீட்டாளர்கள் வரை வந்துவிட்டது. ‘ஆல்கோ’ என்று எல்லோரும் சொல்வது இந்த நிரலைத்தான். ஆல்கோ வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த உத்தி லாபம் தரும்?’ என்பதைத்தான். உத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைக் கவிழ்த்துவிடக்கூடிய ஒரு விஷயம் உண்டு. கையில் எத்தனை பங்கு இருக்கிறது என்று ஆல்கோ நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று; தரகரின் கணக்கில் உண்மையில் இருப்பது வேறொன்று.

ஆல்கோவுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. ஆர்டர் போட்டால் அதில் எழுதிக்கொள்ளும், விற்றால் கழித்துக்கொள்ளும். தரகரிடம் இருப்பது இன்னொரு கணக்கு. பணமும் பங்கும் நகர்வது அந்த இரண்டாவது கணக்கின்படிதான். செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் நாம் எழுதி வைத்ததை வங்கிப் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்ப்பது போல, இவ்விரண்டையும் அவ்வப்போது ஒத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாத ஆல்கோ கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்கிறது.

இரண்டும் எப்படி வேறுபடும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 800 ரூபாய் விலையுள்ள ஒரு பங்கில் 200 வாங்கும்படி ஆல்கோ ஆர்டர் அனுப்புகிறது. விலை 792-க்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்பது ஸ்டாப்லாஸ். பங்குக்கு 8 ரூபாய் வீதம் நஷ்டம் 1,600 ரூபாயோடு நிற்க வேண்டும்.

ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் இணையம் ஒரு நொடி தடுமாறியதால் பதில் திரும்பி வரவில்லை. ஆல்கோ அதைத் ‘தோல்வி’ என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் 200-க்கு ஆர்டர் அனுப்புகிறது. இந்த முறை பதில் வருகிறது. ஆல்கோவின் கணக்கில் 200, தரகரிடம் 400.

விலை 792-ஐத் தொடுகிறது. ஆல்கோ 200 பங்கை விற்றுவிட்டு, ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. மீதி 200 பங்குக்கு ஸ்டாப்லாஸும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை. மாலையில், அன்றைக்கே முடிக்க வேண்டிய வியாபாரம் என்பதால், தரகரே அதை 776 ரூபாய்க்கு விற்று முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 200-இல் நஷ்டம் 4,800 ரூபாய். மொத்தம் 6,400. திட்டமிட்டதைப் போல நான்கு மடங்கு. உத்தியில் ஒரு பிழையும் கிடையாது.

பதில் வரவில்லை என்றால் ஆர்டர் போகவில்லை என்று பொருளல்ல. என்ன ஆயிற்று என்று தெரியவில்லை என்றுதான் பொருள். அதனால் மறுபடி அனுப்புவதற்கு முன் தரகரின் ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டரிலும் ஆல்கோ தனக்கென ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்பினால், அந்தப் பட்டியலில் தன் ஆர்டரை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் ஆல்கோவின் சொந்தக்காரரே. விலை சரிவதைப் பார்த்துப் பதறி, போனில் தரகரின் செயலியைத் திறந்து 200 பங்கையும் கையால் விற்றுவிடுவார். ஆல்கோவுக்கு அது தெரியாது. ஸ்டாப்லாஸ் விலை வந்ததும் அதுவும் 200 விற்கும். இப்போது தரகர் கணக்கில் இருப்பது மைனஸ் 200. அதாவது இல்லாத பங்கை விற்ற ‘ஷார்ட்’ நிலை. விலை திரும்பி ஏறினால் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் நஷ்டம்.

அப்படியானால் எப்படி ஒத்துப் பார்ப்பது? தரகரிடமிருந்து பொசிஷன் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பங்காக ஆல்கோவின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஆல்கோ தன் பட்டியலில் உள்ள பங்குகளை மட்டும் சரிபார்த்தால், தனக்குத் தெரியாமல் தரகரிடம் கிடக்கும் பங்கு கண்ணில் படாது. இரண்டு பட்டியலிலும் உள்ள எல்லாப் பெயர்களையும் பார்த்தாக வேண்டும். ஒரே கணக்கில் இரண்டு ஆல்கோக்கள் ஓடினால் இன்னும் கவனம் தேவை. ஒன்று 100 வாங்கி மற்றொன்று 100 விற்றிருந்தால் தரகர் காட்டுவது பூஜ்யம். தரகரின் எண்ணோடு ஒப்பிட வேண்டியது இரண்டு ஆல்கோக்களின் கூட்டுத்தொகையைத்தான்.

நேரமும் முக்கியம். 200-க்குப் போட்ட ஆர்டரில் 120 மட்டும் முடிந்து மீதி காத்திருக்கும் நொடியில் ஒப்பிட்டால், இல்லாத தவறு இருப்பதுபோலத் தெரியும். சில நொடிகள் விட்டு மறுபடியும் பார்த்து, அப்போதும் வேறுபட்டால்தான் அது உண்மையான வேறுபாடு.

வேறுபாடு உறுதியானால் ஆல்கோ அந்தப் பங்கில் புதிய ஆர்டர் போடுவதை நிறுத்த வேண்டும்; காத்திருக்கும் ஆர்டர்களை ரத்து செய்ய வேண்டும்; தரகரின் எண்ணைத் தன் எண்ணாக எழுதிக்கொண்டு, சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டும். வித்தியாசத்தைத் தானே வாங்கியோ விற்றோ சரிக்கட்டப் போகக் கூடாது. எண்ணிக்கை எதனால் பிசகியது என்று தெரியாத நிரல் போடும் அடுத்த ஆர்டரும் பிசகத்தான் செய்யும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று கண்டது. அதன் நிரல் ஒரு பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும். எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரலை ஏற்றியிருந்தார்கள். எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு பழைய பகுதி விழித்துக்கொண்டது. பெரிய ஆர்டர் நிறைவேறியதும் அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் எண்ணிக்கை வேலை, 2005-லேயே அந்தப் பகுதியிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. வாங்கியாயிற்று என்று தெரியாமல் அது அனுப்பிக்கொண்டே இருந்தது.

212 ஆர்டர்களை நிறைவேற்றப் புறப்பட்ட நிரல் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் வியாபாரங்களைச் செய்து முடித்தது. எந்த ஆர்டரோடும் பொருந்தாத பங்குகள் எல்லாம் நிறுவனத்தின் ஒரு தனிக் கணக்கில் போய்க் குவிந்தன. அந்தக் கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. ஆனால் வரம்பைத் தாண்டினால் ஆர்டரைத் தடுக்கும் ஏற்பாட்டோடு அது இணைக்கப்படவில்லை. பொசிஷனைக் காட்டும் திரையும் இருந்தது. தானாக எச்சரிக்கை தரும் வசதிதான் அதில் இல்லை. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதமும் விதித்தது. சரியான எண் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. ஆர்டர் போடும் நிரலை நிறுத்தும் அதிகாரம்தான் அந்த எண்ணுக்குத் தரப்படவில்லை.

ஆகவே உங்களிடம் ஆல்கோ விற்க வருபவர் லாபக் கணக்கைக் காட்டத் தொடங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராத ஆர்டரை இது என்ன செய்யும்? நான் போனில் கையால் விற்றால் இதற்குத் தெரியுமா? தரகரின் எண்ணும் இதன் எண்ணும் பொருந்தாவிட்டால் நின்றுவிடுமா, தொடர்ந்து ஓடுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் உங்கள் கணக்கை அதன் கையில் கொடுக்காதீர்கள்.